ஒயின் பாட்டிலின் அடியில் கிடப்பது என்ன? அதை விட்டு ஊற்றுவது எப்படி?

வெள்ளை ஒயினைச் சில வாரங்கள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வெளியே எடுத்தால், சில பாட்டில்களின் அடியில் பளபளவென்று துகள்கள் கிடக்கும். கார்க்கின் உட்பக்கத்திலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். முதல் தடவை பார்ப்பவருக்கு, கண்ணாடி உடைந்து உள்ளே விழுந்துவிட்டதோ என்ற பயம் வருவது இயல்பு. கடைக்குத் திருப்பி எடுத்துப்போகிறவர்களும் உண்டு. வயதான சிவப்பு ஒயினில் கதை வேறு. பாட்டில் முக்கால்வாசி தீரும்வரை எல்லாம் சரியாக இருக்கும், கடைசி கிளாஸில் திடீரென்று கறுப்பாக மண்டி வந்து விழும்.

இரண்டுமே உடம்புக்கு எந்தக் கெடுதலும் செய்வதில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது கனமான படிகம். பாட்டிலைக் குலுக்கினாலும் ஓரிரு நிமிஷத்தில் மறுபடி அடியில் போய் உட்கார்ந்துவிடும். இரண்டாவது மிக நுண்ணிய வண்டல்; ஒரு தடவை கலங்கினால் மறுநாள்வரைகூடத் தெளியாது. ஊற்றுகிற விதம் மாறுவது இதனால்தான். அதனால் பாட்டிலுக்குள் என்ன விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் திறப்பது நல்லது.

படிகம் எங்கிருந்து வருகிறது

திராட்சையின் புளிப்புக்கு முக்கியமான காரணம் டார்டாரிக் அமிலம். பழங்களில் இந்த அமிலம் இவ்வளவு அதிகமாக இருப்பது அபூர்வம். நம் சமையலறைப் புளி அந்த அபூர்வங்களில் ஒன்று. அதன் புளிப்பும் பெரும்பாலும் இதே அமிலம்தான். திராட்சைச் சாற்றில் பொட்டாசியமும் தாராளமாக இருக்கிறது. அமிலமும் பொட்டாசியமும் சேர்ந்து உண்டாவது பொட்டாசியம் பைடார்டரேட் என்ற உப்பு. பாட்டிலின் அடியில் மின்னுவது இதுதான்.

இந்த உப்பு தண்ணீரிலேயே அவ்வளவு சுலபமாகக் கரையாது. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 5 கிராம் அளவுக்குத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆல்கஹால் சேர்ந்தால் இன்னும் குறையும். 12 சதவீத ஆல்கஹால் உள்ள திரவத்தில் அது 3 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். அதையே 0 டிகிரிக்குக் குளிரவைத்தால் சுமார் 1 கிராம்தான் கரைந்திருக்க முடியும். சாறு நொதித்து ஒயினாக மாறும்போது ஆல்கஹால் ஏறிக்கொண்டே போகிறது, கரையும் உப்பின் அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. இடமில்லாமல் போன உப்பில் ஒரு பகுதி தொட்டியிலேயே, பீப்பாயின் உள்சுவரிலேயே படிகமாகப் படிந்துவிடும்.

மிச்சம் முழுவதும் உடனே விழுந்துவிடுவதில்லை. ஜீராவை அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்டால், சர்க்கரை அளவுக்கு மிஞ்சி இருந்தும் சிறிது நேரம் தெளிவாகவே நிற்கும்; ஒரு கரண்டி பட்டதும் பூத்துவிடும். ஒயினும் அப்படி, கரையக்கூடிய அளவைவிடக் கூடுதலான உப்பைப் பல மாதங்கள் தாங்கிக்கொண்டிருக்கும். அதிலுள்ள புரதமும் வேறு சில பெரிய மூலக்கூறுகளும் படிகம் வளரவிடாமல் தடுக்கின்றன. அந்தத் தடையைத் தாண்டவைப்பது பெரும்பாலும் குளிர். ஃப்ரிட்ஜில் 4, 5 டிகிரியில் சில வாரங்கள் இருந்தாலே போதும். குளிர்காலத்தில் வெப்பமில்லாத கிடங்கில் கிடந்த பாட்டிலுக்கும் இதேதான் நடக்கும்.

இதை அடிக்கடி பார்க்கக்கூடிய ஒயின் என்றால் ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்கைச் சொல்லலாம். குளிர்ப் பிரதேசம் என்பதால் திராட்சையில் அமிலம் அதிகம். ஒயினில் அந்தப் புளிப்பு குறையாமல் இருக்கவேண்டும் என்றுதான் அங்குள்ளவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். அவர்கள் இந்தப் படிகங்களை ஒயின் வைரங்கள் என்று செல்லமாகவே அழைப்பார்கள். படிகம் இருந்தால் ஒயின் உயர்ந்தது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது தயாரித்தவர் குளிரவைத்து வடிகட்டவில்லை, அல்லது குறைவாகவே செய்தார் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. மோசமான ஒயினிலும் படிகம் விழும்.

பெரிய ஆலைகள் இதை முன்கூட்டியே தீர்த்துவிடுகின்றன. பாட்டிலில் அடைப்பதற்கு முன் ஒயினைப் பூஜ்யத்துக்குக் கீழே, சுமார் மைனஸ் 4 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் வைப்பார்கள். விழவேண்டியது தொட்டியிலேயே விழுந்துவிடும், வடிகட்டி எடுத்துவிடலாம். சில இடங்களில் பொடித்த படிகத்தைக் கொஞ்சம் தூவி வேகப்படுத்துவார்கள். பூப்பதற்கு ஒரு பிடி கிடைத்ததும் மற்றது அதன்மேல் சேர்ந்துகொள்ளும். கரன்ட் செலவு, நேரம், கொஞ்சம் ருசியும் போகும் என்ற கவலை, இவற்றால் சிறு தயாரிப்பாளர்கள் பலர் இதைச் செய்வதில்லை. ஆகவே மலிவான பெரிய பிராண்டு பாட்டிலில் படிகம் காண்பது அரிது, சிறு தோட்டத்து பாட்டிலில் சகஜம்.

பீப்பாய்ச் சுவரிலிருந்து சுரண்டி எடுத்த இந்த உப்புக்கு நெடுங்காலமாகவே சந்தை உண்டு. சுத்தம் செய்தால் அதுதான் கேக் செய்கிறவர்கள் வாங்கும் கிரீம் ஆஃப் டார்டார். முட்டை வெள்ளைக்கரு நுரை நிற்பதற்கும், பேக்கிங் பவுடரில் அமிலமாகவும் சேர்ப்பது. பாட்டிலின் அடியில் கிடப்பதும் அதுவும் ஒரே பொருள். இதே அமிலத்தின் உப்புப் படிகங்களைத்தான் 1848ல் லூயி பாஸ்டர் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இடதும் வலதும் மாறிய இரண்டு வகைகளாகக் கையாலேயே பிரித்தார். மூலக்கூறுகளுக்கும் இடக்கை, வலக்கை உண்டு என்று வேதியியலுக்குத் தெரியவந்தது அப்போதுதான்.

கண்ணாடியா, படிகமா?

சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்வது சுலபம். ஒரு துகளை எடுத்து ஸ்பூனில் வைத்து இன்னொரு ஸ்பூனின் முதுகால் அழுத்துங்கள். படிகம் நொறுங்கிப் பொடியாகும். கண்ணாடி அப்படிப் பொடியாகாமல் உலோகத்தில் கீறும். விரலால் அழுத்திப் பார்ப்பதை மட்டும் வேண்டாம், ஒருவேளை கண்ணாடியாகவே இருந்துவிட்டால்?

அடுத்தது கொதிக்கிற தண்ணீர். அந்தப் பொடியை ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு நல்ல சூடான தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் கரைந்துவிடும். கொதிநிலைக்கு அருகில் ஒரு லிட்டர் தண்ணீர் 60 கிராம் அளவுக்குக் கரைக்கும், அறை வெப்பத்தில் கரைவதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். அதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சுறுசுறுவென்று குமிழி கிளம்பும், ஏனென்றால் இந்த உப்பிலும் பாதி அமிலம் மிச்சமிருக்கிறது. கண்ணாடிக்கு இரண்டுமே நடக்காது. ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பொட்டாசியத்துக்குப் பதில் கால்சியம் சேர்ந்து உண்டான படிகம் வெந்நீரிலும் சரியாகக் கரையாது, சோடாவுக்கும் பொங்காது. அது பெரும்பாலும் வெள்ளைத் தூளாக, மெதுவாக விழும். நொறுங்கும் என்பதால் ஸ்பூன் சோதனையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாட்டிலின் வாயைச் சுற்றி விரலை ஓட்டாமல் கண்ணால் பாருங்கள். விளிம்பில் சின்ன வெட்டு, உடைசல் இருந்தால்தான் கண்ணாடி என்ற பயத்துக்கு அர்த்தம் உண்டு. அப்படி இருந்தால் ஒயினை மெல்லிய துணியில் வடிகட்டிக் குடிக்கலாம் என்றெல்லாம் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

படிகம் இருக்கும் வெள்ளை ஒயினை ஊற்றுவதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. படுக்கவைத்திருந்தால் நிமிர்த்தி ஒரு மணி நேரம் வையுங்கள். கார்க்கைத் திறந்ததும், அதன் உட்பக்கத்தில் ஒட்டியிருப்பதையும் பாட்டில் வாயின் உள்விளிம்பில் ஒட்டியிருப்பதையும் சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். முதல் கிளாஸில் விழுவது பெரும்பாலும் கார்க்கில் இருந்ததுதான், அடியில் இருப்பது இல்லை. அப்புறம் நிதானமாகச் சாய்த்து ஊற்றுங்கள். குளக் குளக்கென்று காற்று உள்ளே போகும்படி கவிழ்த்தால்தான் அடியில் இருப்பது கிளம்பும். கடைசியில் ஒரு விரல் அளவு பாட்டிலிலேயே நிற்கட்டும். தப்பித்தவறி ஒன்றிரண்டு கிளாஸுக்குள் வந்தாலும் கிளாஸின் அடியிலேயே கிடக்கும். வாய்க்கு வந்தால் பல்லில் நறநறக்கும், லேசாகப் புளிக்கும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் மறுபடி கரைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்; அறை வெப்பம் அதற்குப் போதாது.

சிவப்பு ஒயினின் மண்டி

சிவப்பு ஒயினிலும் படிகம் விழும், நிறத்தை உறிஞ்சிக்கொண்டு ஊதாச் சிவப்பாக இருக்கும். ஆனால் அதில் முக்கியமானது வேறொன்று. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்கவைப்பார்கள். தோலிலிருந்து நிறம் தரும் ஆந்தோசயனினும், தோல், கொட்டையிலிருந்து துவர்ப்புத் தரும் டானினும் சாற்றில் இறங்கும். புதிதில் இவை சிறிய மூலக்கூறுகள், ஒயினில் கரைந்து நிற்கும். வருடங்கள் போகப்போக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளமாகின்றன. ஓர் அளவுக்கு மேல் பெரிதானதும் கரைந்து நிற்க முடியாமல் அடியில் இறங்கிவிடுகின்றன. பழைய ஒயின் வெளிர்ந்து செங்கல் நிறமாவதற்கும், துவர்ப்புக் குறைந்து மென்மையாவதற்கும் இதுவும் ஒரு காரணம். வயதாகும்போது கைவிட்ட நிறமும் துவர்ப்பும்தான் அடியில் மண்டியாகக் கிடக்கிறது. அதனால்தான் வாயில் பட்டால் கசக்கும். ஒயினோடு கலங்கினால் ருசியையே மந்தமாக்கிவிடும். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கிளாஸில் விடக்கூடாது.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள விண்டேஜ் போர்ட்டை எடுத்துக்கொள்ளலாம். போர்ச்சுகலின் டௌரோ பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையில், நொதித்தல் பாதியிலிருக்கும்போதே திராட்சைச் சாராயம் ஊற்றி நிறுத்திச் செய்வது போர்ட். ஆல்கஹால் சுமார் 20 சதவீதம், இனிப்பும் நிறைய. இதில் விண்டேஜ் என்ற வகை நல்ல விளைச்சல் வருடங்களில் மட்டும் செய்யப்படுவது. மரப்பீப்பாயில் ஏறத்தாழ இரண்டு வருடம்தான் இருக்கும், அதன்பின் வடிகட்டாமல் பாட்டிலுக்குப் போகும். மூப்படைவது எல்லாம் பாட்டிலுக்குள்தான், அதுவும் இருபது முப்பது வருடம். நிறமும் டானினும் மிக அதிகமாக உள்ள ஒயின் அவ்வளவு காலம் அடைபட்டுக் கிடந்தால், இறங்கும் மண்டிக்குக் கணக்கே இல்லை. பாட்டிலின் உட்சுவரில் ஒரு தடித்த ஏடாகவே ஒட்டிக்கொள்ளும்.

எல்லாப் போர்ட்டுக்கும் இந்தப் பாடு கிடையாது. டானி என்பது பல வருடம் பீப்பாயிலேயே மூத்துவிடும், மண்டியும் அங்கேயே தங்கிவிடும். பாட்டிலில் வருவது தெளிவான ஒயின், நேரே ஊற்றலாம். திருகி எடுத்து மறுபடி சொருகும் பிளாஸ்டிக் தலை வைத்த கார்க் இருந்தால் பெரும்பாலும் அப்படி நேரே ஊற்றுவதற்கான பாட்டில்தான். நீளமான முழுக் கார்க்கை கார்க்ஸ்க்ரூ வைத்து இழுக்கவேண்டியிருந்தால், லேபிளில் வடிகட்டாதது என்றோ விண்டேஜ் என்றோ இருந்தால், கொஞ்சம் ஏற்பாடு தேவை.

ஓர் உதாரணமாக 2000ம் வருட விண்டேஜ் போர்ட் ஒன்று, இத்தனை வருடம் படுக்கவைத்த நிலையில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பின் ஊற்றவேண்டும்.

வேலை வியாழக்கிழமை இரவே ஆரம்பம். பாட்டிலைக் குலுக்காமல் மெதுவாக எடுத்து நிமிர்த்தி, யாரும் தொடாத இடத்தில் வையுங்கள். சில பழைய பாட்டில்களில் வெள்ளைப் பெயின்ட் ஒரு தீற்றல் இருக்கும். கிடங்கில் அந்தப் பக்கம் மேலே பார்த்து இருந்தது என்று அர்த்தம். மண்டி அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும். சுவரில் இருக்கும் ஏடு மெதுவாகச் சரிந்து அடியில் சேர ஒரு முழு நாளாவது வேண்டும், இரண்டு நாள் கொடுத்தால் நல்லது. அன்று மாலை நிமிர்த்தினால் போதும் என்று நினைப்பவர்கள்தான் கலங்கலைக் குடிக்கிறார்கள். மற்ற எதில் கோட்டை விட்டாலும் சமாளிக்கலாம், இதில் விட்டால் முடியாது.

சனிக்கிழமை, பாட்டிலை நின்ற நிலையிலேயே திறக்கவேண்டும். தொடைக்கு நடுவே வைத்து இழுக்கிற பழக்கம் இங்கே ஆகாது. இருபது வருடக் கார்க் ஊறிப்போய் மிருதுவாக இருக்கும், பாதியில் முறிவதும் உண்டு. இரண்டு மெல்லிய தகடுகளைக் கார்க்கின் இரு பக்கமும் இறக்கித் திருகி எடுக்கும் திறப்பான் இருந்தால் உத்தமம். இல்லையென்றால் சாதாரணத் திருகாணியை முடிந்தவரை ஆழமாக இறக்கி, நிதானமாக இழுங்கள். கார்க் தூள் உள்ளே விழுந்தால் பதற்றம் வேண்டாம், அதற்கும் வழி இருக்கிறது. கழுத்தையும் வாயையும் ஈரத்துணியால் உள்ளும் புறமும் துடையுங்கள். கழுத்தில் அழுக்கு இருந்தால் உள்ளே வருவது தெரியாமல் போய்விடும்.

இனி பள்ளிக்கூட அறிவியலில் படித்த தெளிய வைத்து இறுத்தல்தான். கண்ணாடி டிகேன்டர் இருந்தால் சரி, இல்லாவிட்டால் வாசனையில்லாத ஒரு பெரிய கண்ணாடி ஜாடி போதும். மேஜையில் ஒரு வெளிச்சம் வேண்டும். மெழுகுவர்த்திதான் மரபு, ஆனால் போர்ட் பாட்டில் கிட்டத்தட்டக் கறுப்புக் கண்ணாடி, ஆகவே போன் டார்ச்சை மேல்நோக்கி வைப்பதே மேல். பாட்டிலின் கழுத்து தோளோடு சேரும் இடம் அந்த வெளிச்சத்துக்கு நேர் மேலே வருமாறு பிடித்து, மெல்லச் சாய்த்து ஊற்ற ஆரம்பியுங்கள்.

ஆரம்பித்தால் நிறுத்தக்கூடாது. பாதியில் பாட்டிலை நிமிர்த்தினால் உள்ளே இருக்கும் திரவம் பின்னால் அடித்துப் போய் மண்டியைக் கிளப்பிவிடும். ஒரே சாய்வில், நூலாக விழும் வேகத்தில், 750 மில்லிக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஆகட்டும். முதல் முக்கால் பாகத்தில் கண்ணுக்கு வேலை இல்லை. அதன்பின் கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். முதலில் தெளிந்த ஒயினுக்குள் மங்கலாக ஒரு மெல்லிய கோடு நகர்ந்து வரும். அடுத்து கரும்புள்ளிகள், பிறகு ஏடு ஏடாகத் துண்டுகள். மங்கல் கோடு கழுத்துக்குள் நுழையும்போதே பாட்டிலைச் சட்டென்று நிமிர்த்துங்கள். இன்னும் ஒரு கிளாஸ் வருமே என்ற ஆசை அந்த நேரத்தில் நிச்சயம் வரும்.

பாட்டிலின் வடிவமும் இங்கே உதவுகிறது. போர்ட்டுக்கும் போர்தோ ஒயினுக்கும் பாட்டிலின் தோள் செங்குத்தாக உயர்ந்திருக்கும்; சாய்க்கும்போது மண்டியில் ஒரு பகுதி அந்தத் தோளில் தங்கிவிடும். பர்கண்டி பாட்டிலுக்குத் தோள் சரிவாக இருப்பதால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அதனால் அதில் இன்னும் மெதுவாக ஊற்றி, இன்னும் சீக்கிரம் நிறுத்தவேண்டும்.

அடியில் 50 முதல் 80 மில்லி மிஞ்சும். அதை ஒரு சிறிய கிளாஸில் விட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே கொஞ்சம் தெளிந்திருக்கும். கலங்கலாகவே இருந்தால் இறைச்சிக் குழம்பில் ஊற்றிவிடலாம். கார்க் தூள் விழுந்த பாட்டிலையோ, கைதவறிக் கலக்கிவிட்ட பாட்டிலையோ மஸ்லின் துணியில் வடிகட்டலாம். துணியை முன்பே வெந்நீரில் அலசிப் பிழிந்துகொள்ளுங்கள், சோப்பு வாசனை ஒட்டியிருந்தால் ஒயினில் தெரியும். காபி வடிகட்டும் காகிதம் இன்னும் நுண்ணியது, ஆனால் அது காகித ருசியைக் கொஞ்சம் கொடுத்துவிடும். அதையும் முதலில் வெந்நீரில் நனைத்துக் கொட்டிவிடவேண்டும். முழு பாட்டிலையும் வடிகட்டாமல் கடைசிக் கால் பாகத்தை மட்டும் வடிகட்டினால் போதும்.

இருபது வருடப் போர்ட் டிகேன்டரில் ஒன்றிரண்டு மணி நேரம் இருந்தால் நன்றாகத் திறந்துகொள்ளும். நாற்பது ஐம்பது வருடத்தைத் தாண்டியதை முன்கூட்டியே ஊற்றிவைக்கவேண்டாம். அதன் வாசனை நுட்பமானது, காற்றுப்பட்டால் சீக்கிரம் மங்கிவிடும். பரிமாறப் போகும்போது இறுத்தினால் போதும்.

கலங்கல் எல்லாமே சாதுவானது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். குமிழியே இல்லாமல் இருக்கவேண்டிய ஒயின் கலங்கியிருந்து, நாக்கில் சுருசுருவென்று பொங்கி, ஈஸ்ட் வாடையும் அடித்தால் பாட்டிலுக்குள் மறுபடி நொதித்திருக்கிறது என்று பொருள். வினிகர் வாடை என்றால் கெட்டுப்போன சங்கதி. இவை பெரும்பாலும் உடம்புக்கு ஆபத்தானவை அல்ல, ஆனால் குடிப்பதற்கு லாயக்கில்லை. இதைத்தான் தாராளமாகக் கடைக்குத் திருப்பிக்கொடுக்கலாம். வேண்டுமென்றே ஈஸ்ட்டோடு அடைக்கப்பட்ட பெட்-நாட் வகை நுரைக்கும் ஒயினுக்கு இது பொருந்தாது, அதில் கலங்கலும் குமிழியும் அதன் குணம்.

டிகேன்டரில் உலர்ந்துபோன சிவப்புக் கறைக்கு சோப்பு போடாதீர்கள், வாசனை போகாது. படிகப் படிவாக இருந்தால் வெந்நீரும் கொஞ்சம் சமையல் சோடாவும் ஊற்றி வைத்தாலே கரைந்துவிடும். நிறக் கறைக்கு ஒரு பிடி அரிசியும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுச் சுழற்றி, நன்றாக அலசிக் கவிழ்த்து வையுங்கள்.